ரீஅலொகேட்டட் 0, பெண்டிங் 18: இந்த ஹார்ட் டிஸ்க் இன்னும் எவ்வளவு நாள் ஓடும்?

மணற்கேணி · பிப்ரவரி 3, இரவு 9.12

4 டிபி ஹார்ட் டிஸ்க். இதுவரை ஓடியது 31,204 மணி நேரம். நேற்று விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ திறந்தால் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. ரீஅலொகேட்டட் செக்டர் 0, பெண்டிங் 18. இன்று யூஎஸ்பியில் லினக்ஸ் போட்டு smartctl ஓட்டினேன், பெண்டிங் 24 என்கிறது. ஒரே இரவில் 6 கூடியிருக்கிறது. ஆனால் அதே smartctl மேலே PASSED என்றும் சொல்கிறது, ரீஅலொகேட்டட் வரிசையில் VALUE 100, THRESH 10.

```
  5 Reallocated_Sector_Ct   100 100 010  0
197 Current_Pending_Sector  100 100 000  24
198 Offline_Uncorrectable   100 100 000  24
```

நான் புரிந்துகொண்டது இது: 100 என்பது நூறு சதவீத ஆரோக்கியம், 10க்கு இறங்கினால்தான் சாவு. ஒரு செக்டர்கூட இன்னும் மாற்றப்படவில்லை. ஒரு நாளைக்கு 6 வீதம் போனால் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?

பழையவயர் · பிப்ரவரி 3, இரவு 9.50

எதுவும் கூடவில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அந்தக் கடைசிப் பத்தியை பதினாறடிமான எண்ணில் காட்டும், அமைப்பில் போய் மாற்றும்வரை அப்படித்தான். அந்த 18ஐ நம் எண்ணில் எழுதினால் 16 + 8, அதாவது 24. நேற்றும் 24, இன்றும் 24.

அடுத்தது அந்த VALUE. அதைச் சதவீதம் என்று படிக்காதீர்கள். தயாரிப்பாளர் தன் கணக்குப்படி மூல எண்ணைச் சுருக்கிப் போடும் மதிப்பெண் அது. சில வட்டுகள் 100இல் தொடங்கும், சில 200இல். 197க்கு உங்கள் வட்டில் THRESH 0 என்று இருக்கிறது பாருங்கள். அதன் கீழே இறங்கவே முடியாது. ஆகவே பெண்டிங் எவ்வளவு ஏறினாலும் PASSED என்றுதான் வரும். வலதுகோடியில் இருக்கும் மூல எண்ணை மட்டும் பாருங்கள்.

24ஐ 8ஆல் வகுங்கள். 3 வரும். இந்தக் கால வட்டுகளில் உள்ளே செக்டர் 4096 பைட், வெளியே 512 பைட்டாகக் காட்டும். ஒன்று கெட்டால் எட்டாக எண்ணும் வட்டுகள் நிறைய. உங்களுடையதும் அந்த ரகம் என்றால் கெட்டது மூன்றே இடம்.

வாழ்நாள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் பேக்கப் இருக்கிறதா?

வெட்டிவேர் · பிப்ரவரி 3, இரவு 10.31

இதற்கு இவ்வளவு பயம் தேவையில்லை. பெண்டிங் என்றால் வட்டு படிக்க முடியாமல் குறித்து வைத்திருக்கும் செக்டர், அவ்வளவுதான். முழு வட்டையும் பூஜ்ஜியத்தால் எழுதிவிடுங்கள். எழுதும்போது வட்டே பார்த்து, நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் உதிரி செக்டருக்கு மாற்றிவிடும். பெண்டிங் 0 ஆகிவிடும், வட்டு சரியாகிவிடும். என் வட்டில் ரீஅலொகேட்டட் 40 இருக்கிறது, இரண்டு வருடமாக அசையவில்லை.

பழையவயர் · பிப்ரவரி 3, இரவு 10.44

இயக்கம் பற்றி நீங்கள் சொன்னது சரி. வரிசை தவறு. பூஜ்ஜியம் எழுதினால் அந்த மூன்று இடத்தில் இருந்த தரவு போவது மட்டுமில்லை, மற்ற 4 டிபியும் போகும். முதலில் நகல் எடுக்க வேண்டும். அப்புறம் "பெண்டிங் 0 ஆனால் சரியாகிவிட்டது" என்பதும் பாதிதான் உண்மை. 0 ஆனபோது 5ஆம் எண்ணில் என்ன நடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நீலக்கதவு · பிப்ரவரி 4, காலை 7.05

எனக்கும் இதே பிரச்சினை. 199 என்ற வரிசையில் 412 இருக்கிறது, வாரா வாரம் ஏறுகிறது. 5, 197 இரண்டும் 0. புது வட்டு வாங்கிவிடலாமா?

பழையவயர் · பிப்ரவரி 4, காலை 8.20

இது அந்தப் பிரச்சினை இல்லை. 199 என்பது வட்டுக்கும் போர்டுக்கும் நடுவே கம்பியில் தரவு சிதைந்த கணக்கு. சாட்டா கேபிளை மாற்றுங்கள், வேறு போர்ட்டில் செருகுங்கள். 412 குறையாது, அது ஏறிய கணக்கு ஏறியதுதான். ஏறாமல் நின்றால் போதும்.

மணற்கேணி · பிப்ரவரி 4, இரவு 11.15

பேக்கப் பாதிதான் இருந்தது, நவம்பர் வரை. இன்று அதே அளவுள்ள இன்னொரு வட்டில் முழு நகல் எடுத்தேன். முதல் சுற்றில் கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போகச் சொன்னேன், இரண்டாவது சுற்றில் மிச்சத்தை மட்டும் மூன்று முறை முயலச் சொன்னேன்.

```
ddrescue -f -n  /dev/sdb /dev/sdc copy.map
ddrescue -f -r3 /dev/sdb /dev/sdc copy.map
```

சுமார் எட்டு மணி நேரம். கெட்ட இடங்களையெல்லாம் தேடி முடித்தபோது படிக்க முடியாமல் நின்ற மொத்தம் 12288 பைட். அதை 4096ஆல் வகுத்தால் 3. பழையவயர் சொன்ன மூன்றேதான், பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. மறுமுயற்சியில் ஒன்றைப் படிக்க முடிந்துவிட்டது, மிச்சம் 8192. அதன்பின் smartctl பார்த்தால் பெண்டிங் 24இல் இருந்து 16. ரீஅலொகேட்டட் இன்னும் 0.

copy.map கோப்பில் இருந்து மூன்று இடங்களின் எல்பிஏ எண்ணையும் எடுத்துவிட்டேன். அதில் பைட் கணக்கில் இருக்கிறது, 512ஆல் வகுத்தேன்:

அ: 1953520840
ஆ: 1953524616 (படிக்க முடிந்துவிட்டது)
இ: 5210446352

பழையவயர் · பிப்ரவரி 5, காலை 6.40

நல்ல வேலை. இப்போது நிதானமாகப் பார்க்கலாம்.

பெண்டிங் என்பது வட்டின் சந்தேகம். "இங்கே எழுதியிருப்பதைப் படிக்க முடியவில்லை, காந்தப் பூச்சே கெட்டதா, எழுதியது மட்டும் கோணலா என்று எனக்குத் தெரியாது" என்று அது குறித்து வைக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும் அப்படி ஒரு செக்டர் உருவாகும், அதன் பூச்சு நன்றாகவே இருக்கும். படிக்க முடியாத நிலையில் வட்டு தானாக அதை இடம் மாற்றாது, ஏனென்றால் மாற்றிய இடத்தில் எதை வைப்பது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் உங்களுக்கு 5 இன்னும் 0. அதைப் பார்த்து வட்டு நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் அந்த இடத்தில் எழுதினால் தீர்ப்பு வரும். 197 குறைந்து 5 ஏறாவிட்டால் பூச்சு நல்லது. 197 குறைந்து 5 ஏறினால் அந்த இடம் உண்மையாகவே கெட்டது. அ, இ இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் smartctl -A எடுங்கள். நகல் வட்டு கழற்றி வெளியே இருக்கட்டும்.

வெட்டிவேர் · பிப்ரவரி 5, காலை 9.02

அதற்கு hdparm போதும்.

```
hdparm --yes-i-know-what-i-am-doing --write-sector 1953520840 /dev/sdb
```

மணற்கேணி · பிப்ரவரி 5, இரவு 8.30

வெட்டிவேர் கொடுத்ததை ஓட்டினேன். எழுத முடியவில்லை என்று பிழை வந்தது. பெண்டிங் அப்படியே 16. மூன்று முறை முயன்றேன். எழுதவும் முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டதா?

பழையவயர் · பிப்ரவரி 5, இரவு 9.11

இல்லை. அது 512 பைட் மட்டும் எழுதும். உள்ளே இருப்பது 4096 பைட் செக்டர். எட்டில் ஒரு பங்கை மாற்ற வேண்டுமென்றால் வட்டு முதலில் முழுச் செக்டரையும் படித்து, அதில் உங்கள் துண்டைச் செருகித் திருப்பி எழுத வேண்டும். அந்தப் படிப்புதான் முடியவில்லையே. முழு 4096ஐயும் ஒரே வீச்சில் எழுதினால் படிக்க வேண்டிய தேவையே வராது. எல்பிஏ எண்ணை 8ஆல் வகுத்து seek இல் போடுங்கள்.

```
dd if=/dev/zero of=/dev/sdb bs=4096 seek=244190105 count=1 oflag=direct
```

எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். sdb என்பது இன்றும் அதே வட்டுதானா என்று வரிசை எண்ணை வைத்துப் பாருங்கள். கணினியை அணைத்துப் போட்டால் எழுத்து மாறலாம்.

வெட்டிவேர் · பிப்ரவரி 5, இரவு 9.30

இது எனக்குத் தெரியாது. என் பழைய வட்டு 512 பைட் ரகம், அதில் அந்தக் கட்டளை ஓடியது.

மணற்கேணி · பிப்ரவரி 5, இரவு 10.48

அ எழுதினேன், ஒரு நொடி தயங்கி முடிந்தது. பெண்டிங் 16 → 8. ரீஅலொகேட்டட் 0 → 8.

இ எழுதினேன் (seek 651305794). உடனே முடிந்தது. பெண்டிங் 8 → 0. ரீஅலொகேட்டட் 8இலேயே நிற்கிறது.

ஆக மூன்றில் ஒன்றை மறுமுயற்சியில் படிக்க முடிந்தது, ஒன்று எழுதியதும் சரியானது, ஒன்று மட்டும் உண்மையில் கெட்டது. இ பற்றி ஒன்று நினைவுக்கு வருகிறது: டிசம்பரில் பெரிய கோப்பு ஒன்று நகலாகிக்கொண்டிருந்தபோது கணினி பட்டென்று அணைந்தது.

இன்னொன்று. நகல் வட்டில் கோப்புகளை நவம்பர் பேக்கப்போடு ஒப்பிட்டேன். ஒரு வீடியோ மட்டும் மாறியிருக்கிறது, நடுவில் ஒரு நொடி கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. நவம்பர் நகல் இருப்பதால் பிழைத்தேன்.

இப்போது எண்கள் 8, 0. என் முதல் கேள்வி அப்படியே இருக்கிறது. எவ்வளவு நாள்?

பழையவயர் · பிப்ரவரி 6, காலை 7.15

நாள் கணக்கு யாராலும் சொல்ல முடியாது, சொல்பவரை நம்பாதீர்கள். 2007இல் கூகுள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வட்டுகளைப் பார்த்து ஓர் ஆய்வறிக்கை போட்டது. முதல் ரீஅலொகேஷன் வந்த வட்டு, வராத வட்டைவிட அடுத்த 60 நாளில் சாக 14 மடங்கு வாய்ப்பு. முதல் பெண்டிங் வந்ததற்கு 16 மடங்கு. கேட்க பயங்கரமாக இருக்கிறது. ஆனால் எந்த 60 நாளிலும் ஒரு வட்டு சாகும் வாய்ப்பே மிகச் சிறியது, அதைத்தான் 14ஆல் பெருக்குகிறோம். கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு உங்கள் ஒற்றை வட்டுக்குத் தேதி குறிக்காது.

நான் பார்ப்பது மூன்று. எண்ணிக்கை நகர்கிறதா, எவ்வளவு வேகமாக, கெட்ட இடங்கள் எங்கே இருக்கின்றன. 40இல் இரண்டு வருடம் நிற்கும் வட்டை நானும் பார்த்திருக்கிறேன். 8இல் தொடங்கி இரண்டே வாரத்தில் ஆயிரத்தைத் தாண்டியதையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் முதல் நாள் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

முழு வட்டையும் எழுதிப் படிக்கும் சோதனை ஒன்று ஓட்டுங்கள், அப்புறம் வாரம் ஒரு முறை நீள் சோதனை, எண்களைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

```
badblocks -wsv -b 4096 /dev/sdb
smartctl -t long /dev/sdb
```

முதல் கட்டளை வட்டில் இருப்பதையெல்லாம் அழிக்கும், தெரிந்து ஓட்டுங்கள்.

தாழம்பூ · பிப்ரவரி 6, மாலை 4.33

எல்லோரும் இந்த எண்களையே பார்க்கிறீர்கள். போன வருடம் என் வட்டு போனபோது 5, 197, 198 மூன்றும் 0. முந்தின நாள் இரவு பார்த்தேன், எல்லாம் பச்சை. காலையில் டக் டக் என்று சத்தம், கணினிக்கு வட்டே தெரியவில்லை. ஆறு வருடப் படங்கள். இந்த எண்களை நம்பித்தான் பேக்கப்பைத் தள்ளிப்போட்டேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பழையவயர் · பிப்ரவரி 6, மாலை 5.20

தாழம்பூ சொல்வது முக்கியம், அதே கூகுள் அறிக்கையிலும் இருக்கிறது. செத்த வட்டுகளில் 56 சதவீதத்துக்கு மேல் இந்த முக்கியமான எண்ணிக்கைகள் எதிலும் ஒன்றுகூட ஏறியிருக்கவில்லை. செக்டர் எண்ணிக்கை தட்டின் மேற்பரப்பைப் பற்றிச் சொல்லும். ஹெட்டோ மோட்டாரோ மின்பலகையோ திடீரென்று போனால் அதற்குத் தெரியாது. எண் ஏறினால் பயப்படலாம். 0 என்றால் நிம்மதி கொள்ள முடியாது.

மணற்கேணி · பிப்ரவரி 10, காலை 10.05

badblocks முடிந்தது. நான்கு வடிவங்கள், ஒவ்வொன்றையும் எழுதிப் படித்து, இரண்டரை நாளுக்கு மேல் ஆனது. கெட்டது 0. ரீஅலொகேட்டட் 8, பெண்டிங் 0. மனசு லேசானது.

மணற்கேணி · பிப்ரவரி 17

8, 0.

மணற்கேணி · பிப்ரவரி 24

8, 0.

மணற்கேணி · மார்ச் 3

8, 0. இதை மறுபடி தினசரி வேலைக்குப் போடலாம் என்று தோன்றுகிறது.

வெட்டிவேர் · மார்ச் 3, இரவு 7.19

நான் அப்போதே சொன்னேன். தாராளமாகப் போடுங்கள்.

மணற்கேணி · மார்ச் 10, இரவு 9.40

போடாமல் இருந்தது நல்லதாயிற்று. இன்றைய நீள் சோதனை பாதியில் நின்றுவிட்டது.

```
# 1 Extended offline  Completed: read failure  80%
    LBA_of_first_error: 1953532216
```

80% என்பது மிச்சம் இருக்கும் பங்கு. பெண்டிங் 8. ரீஅலொகேட்டட் 8.

பழையவயர் · மார்ச் 10, இரவு 10.25

இந்த எண்ணைப் பழையவற்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அ 1953520840. ஆ அதிலிருந்து 3776 தள்ளி. இது ஆவிலிருந்து 7600 தள்ளி. 780 கோடிக்கு மேல் எல்பிஏ உள்ள வட்டில் மூன்றும் பன்னிரண்டாயிரத்துக்குள் அடங்கிவிட்டன.

3776 செக்டர் என்பது ஏறக்குறைய 1.9 எம்பி. இந்த அளவு வட்டில், வெளிவிளிம்புக்குப் பக்கத்தில், தட்டு ஒரு சுற்று சுற்றினால் படிக்கும் தரவு அதையொட்டித்தான் இருக்கும். 7600 அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதாவது ஒரே கோணத்தில், அடுத்தடுத்த தடங்களில் கெடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கீறல் தடங்களை வெட்டிக்கொண்டு போனால் இப்படித்தான் தெரியும். ஆவை அன்று மறுமுயற்சியில் படிக்க முடிந்ததை அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டேன், அது தப்பு. அவை மூன்றும் ஒரே குடும்பம், இ மட்டும்தான் வெளியாள்.

எண்ணிக்கையைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. இந்த இடம் போன மாதம் நான்கு முறை எழுதி நான்கு முறை சரியாகப் படித்த இடம். நாலே வாரத்தில் படிக்க முடியாமல் போயிருக்கிறது. இடையில் மின்சாரம் போகவில்லை என்றால் பரவும் குறை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

வெட்டிவேர் · மார்ச் 11, காலை 8.08

மூன்று புள்ளியை வைத்துக் கோடு கிழிப்பது அவசரம், அண்ணா. ஒரு தடத்தில் எத்தனை செக்டர் என்று தயாரிப்பாளர் வெளியே சொல்வதில்லை, நீங்கள் வேகத்தை வைத்து ஊகிக்கிறீர்கள். சரி, அப்படியே இருந்தாலும் அந்த இடத்தைச் சுற்றி 2 ஜிபி விட்டுவிட்டு முன்னும் பின்னுமாக இரண்டு பார்ட்டிஷன் போட்டால் மிச்ச வட்டு நன்றாகத்தானே இருக்கிறது?

பழையவயர் · மார்ச் 11, காலை 8.52

ஊகம்தான், ஒத்துக்கொள்கிறேன். அடுத்த தடத்துக்குப் போகும்போது தொடக்கம் கொஞ்சம் நகரும், அதனால் இடைவெளி சரியான மடங்காகவும் வராது. பார்ட்டிஷன் விட்டு வைப்பது பூச்சு அந்த இடத்திலேயே பலவீனமாக இருந்தால் உதவும். கீறல் என்றால் அங்கிருந்து பெயர்ந்த துகள் உள்ளேதான் சுற்றும், ஹெட் அதன்மேல் ஏறினால் எந்த இடமும் கெடலாம். வெளியில் இருந்து இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. நான் என்றால் கழற்றிவிடுவேன்.

மணற்கேணி · மார்ச் 11, இரவு 9.00

புது இடத்திலும் 4096 எழுதினேன் (seek 244191527). பெண்டிங் 0, ரீஅலொகேட்டட் 16. மாற்றிவிட்டது. வெட்டிவேர் சொன்னபடி இடைவெளி விட்டுப் போட்டிருக்கிறேன், போனால் போகட்டும் என்கிற தற்காலிகக் கோப்புகளுக்கு மட்டும். யார் சொல்வது சரி என்று பார்க்க வேண்டும்.

மணற்கேணி · மார்ச் 18

16, 0.

மணற்கேணி · மார்ச் 25, இரவு 10.10

ரீஅலொகேட்டட் 56, பெண்டிங் 0. நான் எதுவும் எழுதவில்லை, வட்டே தானாக ஐந்து செக்டரை மாற்றியிருக்கிறது. நீள் சோதனை பிழையில்லாமல் முடிந்தது, அதனால் எந்த இடம் என்று எல்பிஏ எதுவும் கிடைக்கவில்லை.

பழையவயர் · மார்ச் 25, இரவு 10.37

படிக்கச் சிரமப்பட்டுக் கடைசியில் படித்துவிட்ட செக்டர்களை வட்டு சத்தமில்லாமல் மாற்றிவிடும், அப்போது பெண்டிங்கில் தலைகாட்டாமலே 5 ஏறும். முதலில் 1 செக்டர், ஐந்து வாரம் கழித்து 1, இரண்டு வாரம் கழித்து 5. அந்த வேகத்தைப் பாருங்கள்.

வெட்டிவேர் · மார்ச் 25, இரவு 11.02

என்னுடையது இன்று பார்த்தேன், 40தான். ஆனால் இவருடையதைக் கழற்றுங்கள் என்றுதான் இப்போது நானும் சொல்வேன். அந்த 2 ஜிபிக்கு உள்ளே நடந்ததா வெளியே நடந்ததா என்று மட்டும் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மணற்கேணி · மார்ச் 26, காலை 6.50

கழற்றிவிட்டேன். மேலே 26 மார்ச், 56, 0 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். புது வட்டில் கோப்பு எதையும் வைக்கும் முன் badblocks ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டாவது வடிவத்தில் 31 சதவீதம்.